இருட்டில் எடுத்த படம், மெழுகாகாத முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருட்டுல எடுத்த போட்டோவுல நாய்ஸை எடுத்தா முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆயிடுது. ஏன்?

தோலில் இருக்கும் மயிர்த்துளையும், வெளிச்சம் போதாமல் படத்தில் விழும் நாய்ஸ் புள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டுமே ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில், பக்கத்துப் பிக்சலைவிடக் கொஞ்சம் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். இது துளை, இது புள்ளி என்று மென்பொருளால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்து எல்லாவற்றையும் சேர்த்து நிரவிவிடுகிறது. துளை, மெல்லிய சுருக்கம், பூனைமுடி எல்லாம் போய்க் கன்னத்தின் பெரிய வளைவும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன. கண்ணிமையும் உதட்டோரமும் அழுத்தமான கோடுகள் என்பதால் தப்பித்துவிடும். அதன் மேல் ஷார்ப் ஏற்றும்போது அந்தக் கோடுகள் இன்னும் கூராகும். வழவழப்பான கன்னத்தில் கூரான கண் உட்கார்ந்திருக்கும். மெழுகுத் தோற்றம் என்பது இந்தப் பொருத்தமின்மைதான்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்களிடம் வரும் இருட்டுப் படங்களில் நிறைய, படத்திறப்புக்காக வருபவை. பல வருடங்களுக்கு முன்பு ஒரு அம்மாவின் படத்தை ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்து, பளபளவென்று பிரேம் போட்டுக் கொடுத்தேன். மகள் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே, ஆனா அம்மா மாதிரி இல்ல" என்றார். அந்த அம்மாவின் நெற்றியில் மூன்று கோடுகள் இருந்தன. அவற்றை நான்தான் அழித்திருந்தேன். அன்றிலிருந்து இந்த வேலையை வேறு மாதிரி செய்கிறேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எல்லாப் புள்ளியும் ஒண்ணுதானே? எதை எடுக்கணும், எதை விடணும்?

ஒன்றில்லை. படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கி, கழுத்து நிழலைப் பாருங்கள். பச்சை, ஊதா, சிவப்பு எனத் திட்டுத்திட்டாக நிறம் சிதறிக் கிடக்கும். இது நிற நாய்ஸ். அதே இடத்தில், நிறம் மாறாமல் வெறும் கறுப்பு வெளுப்பாக மணல் தூவியது போலவும் இருக்கும். அது வெளிச்ச நாய்ஸ்.

நம் கண் நுணுக்கங்களை வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான் பார்க்கிறது. நிற வேறுபாட்டில் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. தோலின் துளையும் சுருக்கமும் வெளிச்ச வேறுபாடுகளே. ஆகவே நிற நாய்ஸைத் தாராளமாக எடுக்கலாம், தோலுக்கு ஒன்றும் ஆகாது. வெளிச்ச நாய்ஸில் கை வைக்கும்போதுதான் கவனம் வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

லைட்ரூமிலும் போட்டோஷாப்பின் `Camera Raw Filter`-இலும் இவற்றுக்குத் தனித்தனி ஸ்லைடர்கள் உண்டு: `Color`, `Luminance`. கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா கோப்பைத் திறந்தால் `Color` தானாகவே 25-இல் நிற்கும். போனில் எடுத்த ஜேபெக்கைத் திறந்தால் இரண்டும் 0-இல் இருக்கும், நாம்தான் ஏற்ற வேண்டும். பெரும்பாலான படங்களில் நான் `Color`-ஐ 30 முதல் 40 வரை வைப்பேன். `Luminance` 10 முதல் 20 வரை, அதற்கு மேல் அபூர்வமாகத்தான். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: `Luminance`-ஐ 60-க்குத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் நிறத்திட்டைப் பார்த்து இன்னும் தள்ளுவார்கள். நிறத்திட்டை முதலில் எடுத்துப் பாருங்கள், மிச்சமிருக்கும் மணல் அவ்வளவு உறுத்தாது.

இந்த ஸ்லைடர்கள் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. லேயரை ஒரு நகல் எடுத்து, நகலுக்கு 6 பிக்சல் அளவில் `Gaussian Blur` கொடுத்து, அதன் பிளெண்ட் மோடை `Color` என்று மாற்றுங்கள். கீழே இருக்கும் லேயரிலிருந்து வெளிச்சமும் மேலே இருப்பதிலிருந்து நிறமும் வரும். நிறம் மட்டும் குழைந்து, தோலின் நுணுக்கம் அப்படியே நிற்கும். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: குங்குமப் பொட்டு. அதன் சிவப்பு நெற்றியில் ஒழுகியது போலச் சுற்றிலும் படரும். சேலையின் சிவப்புக் கரையும் அப்படியே கழுத்தில் ஏறும். அந்த இடங்களில் மாஸ்க் போட்டு மேல் லேயரை அழித்துவிட வேண்டும்.

மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்தது மட்டும் ஏன் இவ்வளவு மோசமா இருக்கு?

மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. கேமராவின் சிவப்பு, பச்சைப் பிக்சல்களுக்கு ஓரளவு வெளிச்சம் கிடைத்திருக்கும், நீலப் பிக்சல்கள் பட்டினி கிடந்திருக்கும். படத்தை வெள்ளையாக்க ஒயிட் பேலன்ஸைத் திருத்தும்போது என்ன நடக்கிறது? பட்டினி கிடந்த அந்த நீலத்தை மென்பொருள் பல மடங்கு பெருக்குகிறது. அதிலிருந்த நாய்ஸும் கூடவே பெருகுகிறது. போட்டோஷாப்பில் `Channels` பேனலைத் திறந்து `Red`, `Green`, `Blue` மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். சிவப்பில் முகம் சுத்தமாகத் தெரியும். நீலத்தில் அழுக்குச் சுவர் மாதிரி இருக்கும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. திரையில் நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. எனவே `Blue` சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து 2 பிக்சல் `Gaussian Blur` கொடுத்தால், அழுக்கில் பெரும்பகுதி போகும். முகத்தின் நுணுக்கம் பச்சையிலும் சிவப்பிலும் இருப்பதால் கண்ணுக்கு இழப்பே தெரியாது.

அப்புறம், ஒயிட் பேலன்ஸை முழுக்கத் திருத்தாதீர்கள். கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்கட்டும். ராத்திரி வீட்டில் எடுத்த படம் ராத்திரி வீட்டில் எடுத்தது போல இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

அம்மா தவறிட்டாங்க. இருக்கிறது ஒரே ஒரு கல்யாண குரூப் போட்டோதான், அதுவும் இருட்டு. பெரிசா போட்டு பிரேம் பண்ண முடியுமா?

காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் இதே கேள்வியோடு வந்தார்கள். பதினாறாம் நாள் படத்திறப்பு, கையில் ஐந்து நாள்தான் இருந்தது. அந்த ஒரு படத்தில் என்ன செய்தேன் என்று முழுக்கச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் காட்டியது வாட்ஸ்அப்பில் வந்த படம். அதை நான் தொடவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, ஜேபெக் அழுத்தத்தையும் கூட்டிவிடும். ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் அழுத்துகிறது. ஷார்ப் ஏற்றினால் அந்தக் கட்டங்கள் கன்னத்தில் தரை ஓடு மாதிரி எழும்பி நிற்கும். "யார் போன்ல எடுத்தது?" என்று கேட்டு, மூலப்படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னோம். மாலையில் வந்தது: 4000×3000 பிக்சல். அம்மா இரண்டாம் வரிசையில், பக்கத்தில் நிற்பவரின் நிழலில். நெற்றி முதல் முகவாய் வரை 500 பிக்சல்.

அவர்கள் கேட்டது 12×18. கணக்குப் போட்டுக் காட்டினேன். தோள் வரை வருகிற மாதிரி வெட்டினால் 1000×1500 பிக்சல். 18 அங்குல உயரத்துக்கு அங்குலத்துக்கு 83 பிக்சல்தான் வரும். 8×12 என்றால் 125. லேப் கேட்கும் 300-ஐ இரண்டுமே எட்டாது, ஆனால் 125-இல் ஒரு முகத்தைக் கௌரவமாகக் கொண்டுவர முடியும். 83-இல் இல்லாத நுணுக்கத்தை நாமாக வரைய வேண்டியிருக்கும். 8×12 படம், சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட், வெளியே பெரிய பிரேம் என்று முடிவானது. சுவரில் மாட்டினால் பார்வைக்கு 12×18 தான்.

வேலையை `Camera Raw Filter`-இல் தொடங்கினேன். `Exposure` +0.90. `Shadows` +15, அதோடு நிறுத்தம். நிழலைத் தூக்கத் தூக்க அங்கே ஒளிந்திருக்கும் நாய்ஸ் வெளியே வரும். காதுக்குப் பின்னாலும் சேலை மடிப்பிலும் இருட்டு இருந்தால் இருக்கட்டும். `Color` 38, `Luminance` 15, `Luminance`-க்குக் கீழே இருக்கும் `Detail` 60. இந்த `Detail`-ஐ ஏற்றினால் நுணுக்கம் அதிகம் தங்கும், புள்ளியும் கொஞ்சம் தங்கும். தோலுக்கு அதுதான் வேண்டும்.

அடுத்துப் பின்னணி. அம்மாவுக்குப் பின்னால் மண்டபத்துச் சுவர், அதில் மணல் மணலாக நாய்ஸ். லேயரை நகலெடுத்து, நகலில் `Luminance` 50 கொடுத்து, மாஸ்க்கில் அம்மாவை மட்டும் விலக்கினேன். சுவரில் காப்பாற்ற வேண்டிய நுணுக்கம் எதுவும் இல்லை, அதை எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம். சுவர் சுத்தமானதும் கண் மொத்தப் படத்தையும் சுத்தமாக எடுத்துக்கொள்கிறது. முகத்தில் இருக்கும் மிச்சப் புள்ளி தோலோடு தோலாகக் கலந்துவிடுகிறது. மாஸ்க் விளிம்பை 3 பிக்சலாவது மென்மையாக்குங்கள், இல்லாவிட்டால் முடியைச் சுற்றி வெட்டி ஒட்டியது போல வரை விழும். அம்மாவின் காதோர நரைமுடியில் சின்ன பிரஷ்ஷை வைத்துத் தனியாக வேலை செய்தேன். அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது.

இதற்குப் பிறகுதான் பெரிதாக்கினேன். `Image Size`-இல் 2400×3600, முறை `Preserve Details`. வரிசை முக்கியம்: நாய்ஸோடு பெரிதாக்கினால் ஒரு பிக்சல் புள்ளி இரண்டரைப் பிக்சல் புள்ளியாகிவிடும். அதற்குப் பிறகு எடுக்கப் போனால் முகமும் கூடவே போகும். ஷார்ப் கடைசியில்: `Amount` 45, `Radius` 1.3, `Detail` 15, `Masking` 75.

அப்புறம் தங்கை மட்டும் வந்து திரையில் பார்த்தார். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருக்குமே என்றார். மூலப்படத்தைத் திறந்து பார்த்தோம், இருந்தது. என் படத்தில் பாதி மங்கியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் நாய்ஸ் எடுத்த லேயரின் மேல் மூலத்தை 70 சதவீதத்தில் திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் முடிப்பதில்லை. எது தழும்பு, எது புள்ளி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஷார்ப் ஏத்தினா கன்னமெல்லாம் சொரசொரன்னு ஆகுது. எப்படி வைக்கிறது?

`Masking` ஸ்லைடரை விட்டுவிட்டு `Amount`-ஐ மட்டும் தள்ளுவதால் வருவது இது. `Alt` விசையை அழுத்திக்கொண்டே `Masking`-ஐ நகர்த்துங்கள். படம் கறுப்பு வெளுப்பாக மாறும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் ஷார்ப் ஏறும், கறுப்பில் ஏறாது. 0-இல் முழுப் படமும் வெள்ளை. கன்னமும் நெற்றியும் கறுத்து, இமை, புருவம், மூக்கோரம், உதடு, முடி, சேலைக்கரை மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும் வரை ஏற்றுங்கள். பெரும்பாலும் 70-க்கும் 85-க்கும் நடுவில் நிற்கும். வயதானவர்களின் முகத்தில் கண்ணோரச் சுருக்கத்தின் கோடுகளும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிய வேண்டும். அவையும் கறுத்துவிட்டால் இரண்டு புள்ளி பின்னால் வாருங்கள்.

`Radius` பெரிதானால் கறுத்த கோட்டைச் சுற்றி வெள்ளை வளையமும், வெளுத்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையமும் வரும். மூக்குத்தியைப் பார்த்தால் உடனே தெரியும்: கல்லைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் போட்டது போல இருந்தால் `Radius` அதிகம்.

`Clarity`-ஐ முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது பெரிய நிழல்களை அழுத்தி, கண்ணுக்குக் கீழே இருக்கும் களைப்பைக் கூட்டிக்காட்டும்.

நாய்ஸை எடுத்துட்டு திரும்பவும் கிரெயின் போடச் சொல்றீங்களே?

ஆமாம், கொஞ்சம். நாய்ஸ் எடுத்த இடம் வழவழப்பாகவும் எடுக்காத இடம் மணலாகவும் இருந்தால், இங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று கண் கண்டுபிடித்துவிடும். படம் முழுக்க ஒரே சீராக மெல்லிய கிரெயின் போட்டால் அந்த வேறுபாடு மறையும். நிறத்திட்டு இல்லாத, சீரான கிரெயினைப் பழைய பிலிம் பிரிண்டுகளில் பார்த்துப் பழகியிருக்கிறோம். கன்னத்தில் துளை இல்லாத இடத்திலும் தோல் இருப்பது போன்ற உணர்வை அது தரும்.

`Effects` பேனலில் `Grain` 12, `Size` 20. `Roughness` இருக்கும் 50-இலேயே இருக்கட்டும். திரையில் 100 சதவீதத்தில் லேசாகத் தெரிய வேண்டும், பிரிண்டில் ஒரு கை தூரத்தில் தெரியக்கூடாது. பெரிதாக்கிய பிறகுதான் போட வேண்டும், முன்னால் போட்டால் கிரெயினும் சேர்ந்து பெரிதாகிவிடும்.

கம்ப்யூட்டர் இல்ல. போன்லயே பண்ண முடியாதா?

முடியும். லைட்ரூம் மொபைலில் இதே ஸ்லைடர்கள் இருக்கின்றன, `Luminance`-க்கு அங்கே `Noise Reduction`, `Color`-க்கு `Color Noise Reduction` என்று பெயர், ஷார்ப்புக்கு `Masking`-உம் உண்டு. போன் திரை சின்னது என்பதால் எல்லாப் படமும் அதில் ஷார்ப்பாகத்தான் தெரியும். முகத்தை விரலால் நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்துங்கள். பியூட்டி என்ற பெயரில் இருக்கும் எதையும் தொடாதீர்கள், அது செய்வதே மெழுகு பூசும் வேலைதான். எடுக்கும்போதே அது ஓடிக்கொண்டிருந்தால், போன துளைகளை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

போட்டோ ஆடிப்போயிருக்கு. ஷார்ப் பண்ணினா சரியாகுமா?

ஆகாது. ஷார்ப் என்பது இருக்கும் கோட்டை அழுத்திக் காட்டுவது. ஆடிய படத்தில் கோடே இழுபட்டிருக்கும். கண்ணில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியாக இருந்தால் படம் ஆடவில்லை. கோடாக நீண்டிருந்தால் ஆடியிருக்கிறது. அப்படியென்றால் 4×6-க்கு மேல் போகாதீர்கள், அதே நிமிடத்தில் எடுத்த வேறு படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

அப்படியே கலரையும் கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுங்களேன்?

இதை நிறைய பேர் அன்போடுதான் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. காரணத்தைத் திரையிலேயே காட்டுவேன். மாநிறத் தோலின் உயிர் அதன் நடுத்தர வெளிச்சத்தில் இருக்கிறது. கன்னமேட்டில் ஒரு மினுப்பு, அதிலிருந்து காது வரை மெதுவாக இறங்கும் பழுப்பு. வெளுப்பாக்கினால் அந்த இறக்கம் முழுக்க மேலே ஏறி ஒரே தட்டையாகிவிடும். நாய்ஸே எடுக்காவிட்டாலும் முகம் மெழுகாகும். இருட்டிலிருந்து முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. கழுத்தையும் கையையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். முகம் மட்டும் வேறு ஆளுடையது போலத் தெரிந்தால் அவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

அளவு மீறிட்டோம்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

ஒரு மணி நேரம் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகிவிடும், எதுவும் மிகையாகத் தெரியாது. எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். வந்ததும் மூன்று இடங்கள்: காதோர நரைமுடி தனித்தனி இழையா, பஞ்சு உருண்டையா? புருவத்தின் நுனி முடியாக முடிகிறதா, மையால் தீற்றியது போல முடிகிறதா? கண்ணுக்குக் கீழே கன்னமும் கழுத்தும் ஒரே தோலாக இருக்கின்றனவா? ஏதாவது ஒன்று இடித்தாலும், நாய்ஸ் எடுத்த லேயரின் `Opacity`-ஐ 60-க்கு இறக்குங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கடைசியாக, முழுப் படத்தைப் பிரிண்ட் போடும் முன் முகத்தை மட்டும் இறுதி அளவிலேயே வெட்டி ஒரு 4×6 தாளில் எடுத்துப் பாருங்கள். திரையில் பயமுறுத்தும் புள்ளியில் பெரும்பகுதி தாளில் தெரிவதில்லை. காசிமேட்டு அம்மாவின் படத்துக்கும் அப்படி ஒரு துண்டு எடுத்தேன். `Luminance` 15 போதுமா, 25 வைத்திருக்கலாமோ என்று எனக்கே சந்தேகம் இருந்ததால், இரண்டையும் போட்டு அண்ணன் கையில் கொடுத்தேன். எது எது என்று சொல்லவில்லை. கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, 15 போட்டதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.